ஆயிரம் லிட்டர் போர்வெல் தண்ணீர் என்ன விலை?

பல்லடம், பொங்கலூர், பொள்ளாச்சி பக்கம் ஒரு தென்னந்தோப்புக்காரரிடம் தண்ணீருக்கு என்ன செலவாகிறது என்று கேட்டால், பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "தண்ணிக்கு ஏதுங்க செலவு, கரண்ட் ஃப்ரீதானுங்களே?" தமிழ்நாட்டில் 1990-ல் இருந்து விவசாய மின்சாரம் எல்லா விவசாயிகளுக்கும் இலவசம். மாதாமாதம் பில் வராத ஒரு பொருளுக்கு யாரும் கணக்கு எழுதுவதில்லை. உரத்துக்கும் வெட்டுக்கூலிக்கும் நோட்டுப் போட்டு வைத்திருக்கும் வீட்டில்கூடத் தண்ணீருக்கென்று ஒரு பக்கம் இருக்காது.

ஆனால் பணம் போய்க்கொண்டுதான் இருக்கிறது. போர் போட்ட நாளில் மொத்தமாக ஒரு தொகை போனது. மோட்டார் காயில் போகும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் போகிறது. பூமிக்குள் தொங்கும் பைப்பும் கேபிளும் வருடத்துக்கு வருடம் தேய்ந்து ஒரு நாள் மாற்ற வேண்டியதாகிறது. இவற்றை எல்லாம் சேர்த்து, வருடத்தில் மேலே வந்த தண்ணீரால் வகுத்தால் விலை கிடைத்துவிடும். கணக்கு எளிதானது. அதில் விழும் எண்களைச் சரியாகப் பிடிப்பதுதான் கடினம்.

ஒரு தோப்பை எடுத்துக்கொள்வோம். ஐந்து ஏக்கர், 350 தென்னை. 800 அடி ஆழத்தில் ஆறரை இன்ச் போர். 600 அடியில் ஏழரை எச்.பி. சப்மெர்சிபிள் மோட்டார் தொங்குகிறது. ஓடும்போது நீர்மட்டம் 500 அடியில் நிற்கிறது. கொங்குப் பகுதியில் இது சாதாரணமான போர். இதைவிட ஆழமானவை ஏராளம். நான் சொல்லும் விலைகள் கணக்குக்காக எடுத்துக்கொண்ட தோராயமான தொகைகள். உங்கள் ரசீதுகளை வைத்து அந்த இடங்களில் உங்கள் தொகையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் தண்ணீரை அளக்க வேண்டும்

செலவை எழுதுவதற்கு முன்னால் தண்ணீரின் அளவு தெரிய வேண்டும். பலர் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள். "ரெண்டு இன்ச் தண்ணி" என்பது பேச்சுக்கு ஆகும், கணக்குக்கு ஆகாது. 200 லிட்டர் டிரம் ஒன்றும், நொடி காட்டும் ஒரு கடிகாரமும் போதும். டிரம் இரண்டு நிமிடத்தில் நிறைந்தால் நிமிடத்துக்கு 100 லிட்டர். மணிக்கு 6,000 லிட்டர்.

மோட்டாரைப் போட்டவுடன் அளக்கக் கூடாது. ஆறரை இன்ச் போரில் ஓர் அடிக்குச் சுமார் ஆறரை லிட்டர் தண்ணீர் நிற்கும். இரவெல்லாம் ஓய்ந்திருந்த போரில் மட்டம் 300 அடி வரை ஏறியிருந்தால், 500 அடிக்கு இறங்குவதற்குள் அந்த 200 அடியில் நின்ற 1,300 லிட்டர் முதலில் வந்துவிடும். அதோடு மட்டம் மேலே இருக்கும்போது தூக்க வேண்டிய உயரமும் குறைவு என்பதால் பம்ப் வேகமாகவே தள்ளும். காலையில் பைப் நிறையப் பாய்வது இதனால்தான். பாறையின் பிளவுகளில் இருந்து எவ்வளவு ஊறி வருகிறது என்பது அதற்குப் பிறகுதான் தெரியும். இரண்டு மணி நேரம் ஓடிய பிறகு ஒரு தடவை, நிறுத்துவதற்குச் சற்று முன் ஒரு தடவை அளக்க வேண்டும். இரண்டும் ஒன்றாக இருந்தால் அதுதான் உங்கள் போரின் உண்மையான வரத்து.

நம் தோப்பில் அது நிமிடத்துக்கு 100 லிட்டர். நாளுக்கு ஆறு மணி நேரம் ஓடினால் 36,000 லிட்டர். சொட்டுநீரில் மரத்துக்கு நூறு லிட்டர் கிடைக்கும். மழைக்காலம் போக வருடத்தில் 250 நாள் பாய்ச்சுவதாக வைத்தால், 1,500 மணி நேரம், 90 லட்சம் லிட்டர். இனி எல்லாச் செலவையும் இந்த 90 லட்சத்தால்தான் வகுக்கப் போகிறோம்.

பூமிக்குள் இறக்கிய பணம்

போர் அடித்த கூலியும் கேசிங் பைப்பும் சேர்ந்து 1,20,000 ரூபாய் என்று வைப்போம். மோட்டாரும் பம்பும் 60,000. காலம் பைப், கேபிள், ஸ்டார்ட்டர் பெட்டி எல்லாம் சேர்ந்து 90,000. மொத்தம் 2,70,000 ரூபாய். மோட்டாரைவிட அதைத் தொங்கவிடும் பைப்புக்கும் கேபிளுக்கும் அதிகம் ஆகிறது என்பதைக் கவனியுங்கள். ஆழம் கூடக் கூட இந்த வித்தியாசமும் கூடும்.

இந்தத் தொகை ஒரே வருடத்துச் செலவு அல்ல. ஒவ்வொன்றும் எத்தனை வருடம் உழைக்கிறதோ அத்தனை வருடத்துக்குப் பிரித்துப் போட வேண்டும். தேய்மானம் என்பது இவ்வளவுதான். போர் பத்து வருடம் தண்ணீர் தரும் என்றால் வருடத்துக்கு 12,000. மோட்டார் பம்புக்கு எட்டு வருடம் வைத்தால் 7,500. பைப்புக்கும் கேபிளுக்கும் பத்து வருடம் வைத்தால் 9,000. ஆக மொத்தம் வருடத்துக்கு 28,500 ரூபாய்.

இதோடு வட்டியும் உண்டு. கடன் வாங்கிப் போட்டிருந்தால் சொல்லவே வேண்டாம். சொந்தப் பணமாக இருந்தாலும், வங்கியில் கிடந்திருந்தால் வட்டி தந்திருக்கும். பணம் வருடத்துக்கு வருடம் தேய்ந்துகொண்டே வருவதால், முதலீட்டில் பாதிக்கு வட்டி போடுவது வழக்கமான முறை. 1,35,000 ரூபாய்க்கு 8 சதவீதம் என்றால் 10,800 ரூபாய்.

பழுது

சப்மெர்சிபிள் மோட்டாரில் பழுதின் செலவு மோட்டாரோடு நிற்பதில்லை. காயில் கட்டும் கூலி ஒரு பங்கு என்றால், 600 அடி பைப்பை வண்டி வைத்து உருவி மேலே எடுத்து, மறுபடி இறக்கும் கூலி இன்னொரு பங்கு. கீழே ஒரு சின்ன பாகம் தேய்ந்தாலும் இந்த இரண்டாவது செலவில் இருந்து தப்பிக்க முடியாது. அதனால் ஒரு முறை மோட்டார் மேலே வந்தால், அடுத்த வருடம் கழற்ற வைக்கக்கூடிய தேய்ந்த புஷ், இற்றுப்போன கேபிள் ஜாயின்ட் எல்லாவற்றையும் அப்போதே மாற்றிவிடுவது லாபம்.

இரண்டு வருடத்துக்கு ஒரு முறை காயில் போகிறது, கழற்றி மாட்டும் கூலியோடு 16,000 ஆகிறது என்று வைத்தால் வருடத்துக்கு 8,000. நான்கு வருடத்துக்கு ஒரு முறை பம்பின் இம்பெல்லர்களை மாற்ற 16,000 என்றால் வருடத்துக்கு 4,000. ஸ்டார்ட்டர், ரிலே, ஃபியூஸ் போன்ற சில்லறைகளுக்கு 3,000. மொத்தம் 15,000.

காயில் ஏன் போகிறது என்பது தெரிந்தால் இந்தத் தொகையைக் குறைக்கலாம். வோல்டேஜ் இறங்கினால் அதே வேலையைச் செய்ய மோட்டார் அதிக ஆம்பியர் இழுக்கும், சூடு ஏறும். மூன்று பேஸில் ஒன்று போனாலும் இதே கதைதான். போரில் தண்ணீர் தீர்ந்த பிறகும் ஓடினால், மோட்டாரைக் குளிர வைக்கும் நீரோட்டம் இல்லாமல் போய்விடும். இவற்றுக்கெல்லாம் ஸ்டார்ட்டர் பெட்டியில் காப்புக் கருவிகள் உண்டு. அவை அடிக்கடி தட்டிவிடுகின்றன என்று ரிலேயை நேரடியாக இணைத்துவிடும் பழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. அந்த ஒரு வேலையால் வருடத்துக்கு 8,000 என்று நாம் போட்ட செலவு இரண்டு மடங்காகிவிடும்.

தண்ணீர் குறைந்தால் கோளாறு எங்கே என்பதையும் கழற்றாமலே ஓரளவு கண்டுபிடிக்கலாம். தொடக்கத்தில் நன்றாக வந்து, போகப் போகக் குறைந்து, காற்றுக் கலந்து விட்டு விட்டு வந்தால் போரில் ஊற்று குறைந்திருக்கிறது. போட்ட முதல் நிமிடத்தில் இருந்தே குறைவாக, ஆனால் சீராக வந்தால் இம்பெல்லர் தேய்ந்திருக்கலாம், அல்லது காலம் பைப்பில் ஓட்டை விழுந்திருக்கலாம். அப்போது எலக்ட்ரீஷியனின் டங் டெஸ்டரை வைத்து ஆம்பியர் பார்க்க வேண்டும். தண்ணீர் குறைந்தும் ஆம்பியர் குறையவில்லை என்றால், பம்ப் தள்ளும் தண்ணீர் பாதி வழியில் போருக்குள்ளேயே கொட்டுகிறது என்று சந்தேகப்படலாம். போர் வாயில் காதை வைத்தால் சில சமயம் அந்தச் சத்தமே கேட்கும்.

பில் வராத மின்சாரம்

விவசாய இணைப்புகள் பலவற்றில் மீட்டர் இல்லை. ஆனாலும் அதே டங் டெஸ்டர் போதும். மூன்று பேஸ் மோட்டாருக்குச் சூத்திரம் இது:

kW = 1.732 × V × A × pf ÷ 1000

400 வோல்ட், 12 ஆம்பியர், பவர் ஃபேக்டர் 0.85 என்று வைத்தால் ஏறக்குறைய 7 கிலோவாட் வரும். மணிக்கு 7 யூனிட். அந்த ஒரு மணி நேரத்தில் 6,000 லிட்டர் வருகிறது என்பதால், ஆயிரம் லிட்டருக்குச் சுமார் 1.17 யூனிட்.

இது அதிகமா, நியாயமா என்று பார்க்க ஒரு வழி உண்டு. ஆயிரம் லிட்டர் தண்ணீரை நூறு மீட்டர் உயரம் தூக்க, எந்த இழப்பும் இல்லாவிட்டால், கால் யூனிட்டுக்குச் சற்று அதிகமாக, 0.27 யூனிட் போதும். நம் போரில் 500 அடி ஆழம், பைப்பின் உராய்வு எல்லாம் சேர்த்து 162 மீட்டர் வரும். இழப்பில்லாமல் 0.44 யூனிட். நாம் செலவழிப்பதோ 1.17. உள்ளே போகும் மின்சாரத்தில் 38 சதவீதம்தான் தண்ணீரைத் தூக்கும் வேலைக்குப் போகிறது. மீதி மோட்டாரிலும் பம்பிலும் சூடாகவும் சுழலாகவும் வீணாகிறது. இத்தனை ஆழத்தில் ஒல்லியாக அடுக்கடுக்காகச் சுழலும் பம்புகளுக்கு இது மோசமில்லை. 25 சதவீதத்துக்குக் கீழே போனால் இம்பெல்லர் தேய்ந்திருக்க வேண்டும், அல்லது போரின் வரத்துக்குப் பொருந்தாத பம்பை இறக்கியிருக்க வேண்டும்.

வருடத்துக்கு 10,500 யூனிட். விவசாயி இதற்குக் காசு கட்டுவதில்லை; அரசு மின்வாரியத்துக்குக் கட்டுகிறது. யூனிட்டுக்கு 7 ரூபாய் என்று மதிப்பிட்டால் 73,500 ரூபாய். கட்டாவிட்டாலும் இதைத் தனி வரியாக எழுதி வைப்பது நல்லது என்பேன். பம்ப் தேய்வதை முதலில் காட்டிக்கொடுப்பது இந்த வரிதான்.

இப்போது வகுத்தல்

மின்சாரம் நீங்கலாக, தேய்மானம் 28,500, வட்டி 10,800, பழுது 15,000: மொத்தம் 54,300 ரூபாய். 90 லட்சம் லிட்டரால் வகுத்தால் ஆயிரம் லிட்டருக்கு 6 ரூபாய். லிட்டருக்கு 0.6 பைசா. மின்சாரத்தையும் சேர்த்தால் ஆயிரம் லிட்டருக்கு 14 ரூபாய் 20 காசு. லிட்டருக்குச் சுமார் 1.4 பைசா.

லிட்டர் கணக்கில் இது தூசு மாதிரித் தெரியும். ஒரு மரத்துக்கு வருடத்தில் 25,000 லிட்டர் போகிறது. ஆயிரம் லிட்டர் 6 ரூபாய் என்றால் மரத்துக்கு 150 ரூபாய். மரம் வருடத்துக்கு நூறு காய் தந்தால், ஒவ்வொரு காயிலும் ஒன்றரை ரூபாய் தண்ணீர் விலை. காய் விலை பேசும்போது இந்த ஒன்றரை ரூபாய் யார் கணக்கிலும் வருவதில்லை.

இந்த விலையும் நல்ல வருடத்து விலைதான். மழை தவறி, வரத்து நிமிடத்துக்கு 50 லிட்டராகக் குறைந்தால் என்ன ஆகும்? தேய்மானமும் வட்டியும் அப்படியே நிற்கும். பழுது குறையாது, கூடத்தான் செய்யும். அதே 54,300 ரூபாயை இப்போது 45 லட்சம் லிட்டரால் வகுக்க வேண்டும். ஆயிரம் லிட்டர் 12 ரூபாய். மின்சாரமும் பாதியாகிவிடாது, குறைந்த தண்ணீரைத் தள்ளும்போதும் மோட்டார் மணிக்கு 6 யூனிட்டாவது இழுத்தால் ஆயிரம் லிட்டருக்கு 2 யூனிட் ஆகிவிடுகிறது. தண்ணீர் அருமையாகும் வருடத்தில்தான் அதன் விலையும் இரட்டிப்பாகிறது.

புகை மட்டும் வந்த போர்கள்

கொங்குப் பகுதியின் அடிப்பகுதி கெட்டிப் பாறை. மணல்பாங்கான டெல்டாவைப் போலத் தோண்டிய இடத்தில் எல்லாம் தண்ணீர் நிற்காது. பாறையில் இருக்கும் பிளவுகளில் ஏதாவது ஒன்றைத் துளை சந்தித்தால்தான் உண்டு. இல்லையென்றால் வண்டி நிற்கும் வரை வெள்ளைப் புகைதான். அதனால் தண்ணீர் தரும் ஒரு போருக்குப் பின்னால், தண்ணீர் தராத ஒன்றோ இரண்டோ தோட்டத்தில் மூடிக் கிடக்கும்.

அவற்றின் செலவை யார் தலையில் எழுதுவது? ஓடும் போரின் தண்ணீர் மீதுதான். பெங்களூரு வேளாண் பல்கலைக்கழகத்தின் பொருளாதார அறிஞர் எம்.ஜி. சந்திரகாந்த், கர்நாடகத்தின் பாறை நிலக் கிணறுகளை ஆராய்ந்தபோது இதையே வலியுறுத்தினார்: தோற்ற கிணறுகளின் செலவையும் சேர்த்துப் பரப்பாவிட்டால் நிலத்தடி நீரின் விலை பொய்யாகிவிடும்.

நம் தோப்பில் முதலில் போட்ட இரண்டு போர்கள் பொய்த்தன என்று வைப்போம். கேசிங் பைப்பை உருவிக்கொண்டாலும் அடித்த கூலி போனது போனதுதான். ஒன்றுக்கு 96,000 என்றால் 1,92,000. பத்து வருடத்துக்குப் பரப்பி, பாதிக்கு வட்டியும் போட்டால் வருடத்துக்குச் சுமார் 26,900. தண்ணீர் விலை ஆயிரம் லிட்டருக்கு 6 ரூபாயில் இருந்து 9 ஆகிறது.

ஓடும் போர் பத்து வருடம் தாங்கும் என்ற நம் அனுமானமும் தவறலாம். அக்கம்பக்கத்துத் தோட்டங்களில் புதிய போர்கள் ஆழமாக இறங்க, நம் போர் ஐந்தாம் வருடமே வற்றிப்போனால், மூன்று துளைகளுக்கும் போட்ட 3,12,000 ரூபாயை ஐந்தே வருடத்துக்குள் கழிக்க வேண்டும். வருடத்துக்கு இன்னும் 31,200 கூடும். ஆயிரம் லிட்டருக்கு 12 ரூபாய் 50 காசு. இதில் ஒரு பைசாகூட மின்சாரம் இல்லை. கரண்ட் இலவசமாக இருந்தும் விலை இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது.

என் பார்வையில் இந்தக் கணக்கில் மிகவும் கவனிக்க வேண்டிய எண் போரின் ஆயுள்தான். யூனிட் விலையோ காயில் கூலியோ இவ்வளவு தூரம் கணக்கைப் புரட்டிப் போடுவதில்லை.

ஆயுளை நினைத்தால் இன்னொரு சிக்கலும் புரியும். மோட்டாரை ஆறு மணி நேரத்துக்குப் பதில் பன்னிரண்டு மணி நேரம் ஓட்டினால், வகுக்கும் தண்ணீர் கூடி, லிட்டர் விலை குறைந்ததாகக் காகிதத்தில் தெரியும். ஆனால் மட்டம் வேகமாக இறங்கிப் போரின் வருடங்கள் குறையும். சொட்டுநீருக்கு மாறி தண்ணீரைப் பாதியாக்கினால் நேர்மாறாக நடக்கும். காகிதத்தில் லிட்டர் விலை ஏறும். அதனால் சொட்டுநீர் நஷ்டம் என்று ஆகாது. மரம் ஒன்றுக்கு வருடத்தில் என்ன செலவு, இந்தப் போர் இன்னும் எத்தனை வருடம் வரும் என்ற இரண்டையும் வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

பைப்பைக் கூட்டுவதா, புதுப் போரா?

இந்தக் கணக்கு உண்மையில் கைகொடுப்பது, தண்ணீர் குறையும் கோடையில் எழும் இந்தக் கேள்விக்குத்தான். நம் போர் 800 அடி, மோட்டார் 600 அடியில் இருக்கிறது. இன்னும் நூறு அடி இறக்க, பத்து பைப், கேபிள், வண்டிக்கூலி எல்லாம் சேர்த்து 20,000 ரூபாய் ஆகும் என்று வைப்போம். அதனால் மூன்று வருடம் தண்ணீர் கிடைத்தால் வருடத்துக்கு 7,000 ரூபாய்க்குள்தான். புதுப் போருக்கோ ஒரு லட்சத்துக்குக் குறையாது. மூன்று போட்டால் ஒன்று தண்ணீர் தரும் ஊர் என்றால், அதை மூன்று லட்சம் என்றே மனதில் எழுதிக்கொள்ள வேண்டும்.

அப்படியானால் எப்போதும் பைப்பைக் கூட்டுவதே மேல் என்று தோன்றும். அதற்கு முன் போர் அடித்த அன்று எழுதி வைத்த குறிப்பைப் பார்க்க வேண்டும்: எத்தனையாவது அடியில் தண்ணீர் பட்டது, கடைசிப் பிளவு எங்கே இருந்தது? 680 அடியில் ஒரு பிளவு கிடைத்திருந்தால், மோட்டாரை 700 அடிக்கு இறக்குவது பயன் தரும். அந்தப் பிளவின் ஊற்று முழுவதும் பம்புக்குக் கிடைக்கும். கடைசியாகத் தண்ணீர் பட்டது 450 அடியில்தான் என்றால், அதற்குக் கீழே இருப்பது வெறும் துளை. அங்கே புதிதாக எதுவும் ஊறாது. கூடுதலாக இறக்கும் நூறு அடியில் நிற்கும் தண்ணீர் 650 லிட்டர்; நம் மோட்டாருக்கு ஆறரை நிமிட ஓட்டம். அதற்காகத்தான் 20,000 ரூபாய் போடுகிறோம் என்பது இறக்கும் முன்பே தெரிந்திருக்க வேண்டும். அந்தக் குறிப்பு இல்லாதவர்கள், போரைத் துல்லியமாகப் படம்பிடித்துத் தரும் கேமராவை வாடகைக்கு இறக்கிப் பார்த்துவிட்டு, பிறகு பைப் வாங்கப் போகலாம்.